எட்டே முக்கால் விநாடி: சாலையைக் கடப்பவரை அளப்பது எப்படி?

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள், அதாவது ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். இத்தகைய சாவுகளைப் பற்றிப் பேசும்போது ‘கவனக்குறைவாகச் சாலையைக் கடந்தார்’ என்ற வாக்கியம் தவறாமல் வந்து விழுகிறது. அறிவியல் கண்ணோடு பார்த்தால் இந்த வாக்கியத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஒருவர் எந்த நொடியில் சாலையோரத்தை விட்டு இறங்கினார், அப்போது வண்டி எவ்வளவு தூரத்தில் வந்தது, எதிர்ப்புறம் சேர அவருக்கு எத்தனை விநாடி பிடித்தது என்பதெல்லாம் கண்ணால் பார்த்து அளக்கக்கூடியவை. கவனக்குறைவு அப்படிப்பட்டதல்ல. பார்த்ததன் மேல் நாம் எழுதும் தீர்ப்பு அது. தீர்ப்பைத் தள்ளி வைத்துவிட்டு அளவுகளை மட்டும் எடுத்துக்கொண்டால், குணக்கேடு என்று நினைத்ததில் பெரும்பகுதி காத்திருப்பின் கணக்காக மாறிவிடுகிறது என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். அதைச் சோதித்துப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். பத்தாம் வகுப்பு மாணவர்கள் நான்கு பேர், ஒரு மொட்டை மாடி, ஒரு கைப்பேசி இருந்தால் போதும்.

விபத்துகளையே எண்ணினால் என்ன என்று தோன்றலாம். ஒரு கடைத்தெருவின் குறிப்பிட்ட ஓரிடத்தில் விபத்து நடப்பது சில ஆண்டுகளுக்கு ஒருமுறையாக இருக்கலாம். ஒன்றையும் இரண்டையும் வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது. வர முடிகிற அளவுக்கு எண்ணிக்கை சேரட்டும் என்று காத்திருப்பதும் முறையல்ல. இந்தச் சங்கடத்தைச் சமாளிக்க 1960களின் இறுதியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்களான பெர்கின்ஸும் ஹாரிஸும் மோதல்களை விட்டுவிட்டு, மயிரிழையில் தப்பிய நிகழ்வுகளை எண்ணும் முறையை வகுத்தார்கள். பின்னர் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் அது மேலும் செப்பனிடப்பட்டது. ஆனால் எது மயிரிழை என்று முடிவு செய்யப் பயிற்சி பெற்ற கண் வேண்டும். ஆளுக்கு ஆள் அது மாறும். அதைவிட எளிதாகவும், தகராறுக்கு இடமில்லாமலும் அளக்கக்கூடிய ஒன்று உண்டு. அதுதான் இடைவெளி. ஒரு வண்டி நம்மைக் கடந்த நொடிக்கும் அடுத்த வண்டி அதே கோட்டைத் தொடும் நொடிக்கும் நடுவே உள்ள நேரம். சாலையோரம் நிற்பவர் முன்னால் இடைவெளிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கின்றன. சிலவற்றை அவர் மறுக்கிறார், ஒன்றை ஏற்கிறார். ஒரு மணி நேரத்தில் இப்படி நூற்றுக்கணக்கான முடிவுகள் நம் கண்முன்னே எடுக்கப்படுகின்றன.

கடப்பதற்கு எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதை முதலில் பார்ப்போம். இரு திசையிலும் வண்டிகள் ஓடும், நடுத்திட்டு இல்லாத, ஏழு மீட்டர் அகலச் சாலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். போக்குவரத்துப் பொறியாளர்கள் வழக்கமாக நடை வேகத்தை விநாடிக்கு 1.2 மீட்டர் என்று வைத்துக்கொள்கிறார்கள். ஏழு மீட்டரைக் கடக்க 5.8 விநாடி ஆகும். இருபுறமும் பார்த்து, முடிவெடுத்து, காலெடுத்து வைக்கவும், கொஞ்சம் கையிருப்பாக இருக்கவும் மூன்று விநாடி சேர்ப்பார்கள். ஆக மொத்தம் 8.8 விநாடி. விநாடிக்கு 0.9 மீட்டர்தான் நடக்க முடிகிற ஒரு முதியவருக்கு இதே சாலை பத்தே முக்கால் விநாடி கேட்கும். ஆளுக்குத் தேவையான நேரம் இது. சாலை அவருக்குக் கொடுக்கும் நேரம் எவ்வளவு என்பது அடுத்த கேள்வி.

1936இல் ஆடம்ஸ் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் இதற்கு விடை கண்டார். சிக்னல்களுக்குத் தொலைவில், வண்டிகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் வருகின்றன என்று வைத்துக்கொண்டால், இடைவெளிகளின் அளவு ஓர் எளிய கணித விதிக்குக் கட்டுப்படும் என்று அவர் காட்டினார். ஒரு விநாடிக்குச் சராசரியாக வரும் வண்டிகளை q என்றும், நமக்குத் தேவையான இடைவெளியை T என்றும் குறித்தால், சராசரிக் காத்திருப்பு இது:

(e^(qT) − qT − 1) / q

மணிக்கு 900 வண்டிகள் ஓடும் சாலையில் q என்பது 0.25. T என்பது 8.8 விநாடி. கணக்குப் போட்டால் விடை ஏறத்தாழ 23 விநாடி. இதில் யாருக்கும் பெரிய தொந்தரவில்லை. அதே சாலையில் பள்ளி நேரத்தில் வண்டிகள் இருமடங்காகி 1,800 ஆகின்றன என்று வைப்போம். காத்திருப்பும் இருமடங்காகி 46 விநாடி ஆகும் என்றுதான் மனம் சொல்லும். கணக்கு சொல்வது 152 விநாடி, அதாவது இரண்டரை நிமிடம். வண்டி இரண்டு மடங்கு பெருகியபோது காத்திருப்பு ஆறரை மடங்கு பெருகிவிட்டது. காரணம், வண்டிகள் கூடும்போது எல்லா இடைவெளிகளும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. நீண்ட இடைவெளிகள்தான் முதலில் காணாமல் போகின்றன. 900 வண்டிகள் ஓடும்போது ஒன்பது இடைவெளிகளில் ஒன்று 8.8 விநாடியைத் தாண்டும். 1,800 ஆனபின் எண்பதில் ஒன்றுதான் தாண்டும்.

இப்போது சாலையோரம் நிற்பவர் தம் தேவையை 8.8 விநாடியிலிருந்து 6 விநாடிக்குக் குறைத்துக்கொள்கிறார் என்று வைப்போம். அதே 1,800 வண்டிகளுக்கு நடுவே அவருடைய சராசரிக் காத்திருப்பு 152 விநாடியிலிருந்து 32 விநாடிக்கு இறங்கிவிடும். 2.8 விநாடியை விட்டுக்கொடுத்து இரண்டு நிமிடத்தை வாங்கிவிடுகிறார். அந்த 2.8 விநாடி எதிலிருந்து போனது என்பதைக் கவனிக்க வேண்டும். நடப்பதற்கே 5.8 விநாடி வேண்டும். எனவே ஆறு விநாடியில் கடப்பவரிடம் கையிருப்பு என்று எதுவும் மிஞ்சுவதில்லை. ஒரு செருப்பு வார் அறுந்தாலோ, வரும் பைக் சற்று வேகமெடுத்தாலோ ஈடுகட்ட நேரமிருக்காது. நாம் அவசரக்காரர் என்று பெயர் சூட்டும் ஆள் இந்தக் கணக்கைத்தான் போட்டிருக்கிறார். காகிதத்தில் அல்ல, பலநாள் பழக்கத்தில்.

இதுவரை சொன்னது காகிதக் கணக்கு. உண்மையான தெருவில் மனிதர்கள் அப்படித்தான் நடந்துகொள்கிறார்களா என்பதை உற்றுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதற்கான முறை இப்படி இருக்கலாம். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரில் மக்கள் வழக்கமாகக் கடக்கும் ஓரிடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பக்கத்துக் கட்டடத்தின் முதல் மாடியிலோ மொட்டை மாடியிலோ, உரிமையாளரின் அனுமதியோடு, கைப்பேசியை ஒரு தாங்கியில் பொருத்திப் படம்பிடிக்க வேண்டும். மாடி வேண்டும் என்பதற்குக் காரணங்கள் மூன்று. சாலையோரத்தில் ஸ்டாப்வாட்சும் அட்டையுமாக நிற்கும் சீருடைக் கூட்டத்தைக் கண்டால் வண்டி ஓட்டுபவர் வேகத்தைக் குறைப்பார், கடப்பவரும் திடீரென்று ஒழுங்காகிவிடுவார். அளப்பதே அளக்கப்படுவதை மாற்றிவிடும். இரண்டாவது, உயரத்திலிருந்து பார்த்தால் ஒரு வண்டி இன்னொன்றை மறைப்பது குறையும். மூன்றாவது காரணம் மாணவர்களின் பாதுகாப்பு. சாலையின் அகலம் போன்ற தூரங்களை அளப்பது மட்டும்தான் தரையில் இறங்கிச் செய்ய வேண்டிய வேலை. அதை விடியற்காலையில், ஆசிரியரோ பெற்றோரோ உடனிருக்க முடித்துவிடலாம். சாதாரணக் கைப்பேசி விநாடிக்கு 30 படங்கள் எடுக்கிறது. ஸ்டாப்வாட்சை அழுத்தும் விரலைவிட இது பல மடங்கு துல்லியமானது. முகம் அடையாளம் தெரியாத கோணத்தில் எடுத்து, அளவுகளைக் குறித்த பிறகு படத்தை அழித்துவிடுவது நல்லது.

பிறகு வீட்டில் உட்கார்ந்து படத்தை மெல்ல ஓட்டி, ஒவ்வொரு ஆளுக்கும் நான்கு வகை நொடிகளைக் குறிக்க வேண்டும்: ஓரத்துக்கு வந்த நொடி, காத்திருந்தபோது ஒவ்வொரு வண்டியும் கோட்டைத் தொட்ட நொடி, அவர் இறங்கிய நொடி, மறுபக்கம் ஏறிய நொடி. இங்கே முதலிலேயே சில விதிகளை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பைக்குகள் அருகருகே வந்தால் அது ஒரு வண்டியா, இரண்டா? ஒரு விநாடிக்குள் அடுத்தடுத்து வருபவை ஒரே கொத்து என்று வைத்துக்கொண்டால் குழப்பம் தீரும். வந்தவர் கடக்க நிற்கிறாரா, பேருந்துக்கு நிற்கிறாரா? சாலையை நோக்கித் திரும்பி விளிம்புக்கு வந்த நொடியிலிருந்துதான் கணக்கு. இந்த விதிகள் சரியாக எழுதப்பட்டனவா என்று அறிய ஒரு வழி உண்டு. இரண்டு மாணவர்கள் ஒரே படத்துண்டைத் தனித்தனியே, ஒருவர் குறிப்பை மற்றவர் பார்க்காமல் அளக்க வேண்டும். அரை விநாடிக்கு மேல் வேறுபாடு அடிக்கடி வந்தால் குறை கண்ணில் இல்லை, விதியில் இருக்கிறது. அதைத் திருத்தி மறுபடி தொடங்க வேண்டும்.

இனிதான் இந்த ஆய்வில் அதிகம் பேர் சறுக்கும் இடம். காத்திருக்கக் காத்திருக்க மக்கள் துணிகிறார்கள் என்பது நம் ஊகம். அதைச் சோதிக்க, பத்து விநாடிக்குள் கடந்தவர்களையும் ஒரு நிமிடத்துக்கு மேல் காத்திருந்தவர்களையும் பிரித்து, இரு கூட்டமும் ஏற்ற இடைவெளியின் சராசரியை ஒப்பிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் விடை தலைகீழாகவும் வரக்கூடும். ஒரு நிமிடம் நின்றவர்கள் பெரும்பாலும் இயல்பிலேயே எச்சரிக்கையானவர்கள். துணிந்தவர்கள் முதல் பத்து விநாடிக்குள் போய்விட்டார்கள். ஆகவே நீண்ட நேரம் நின்றவர்கள் பெரிய இடைவெளியில் கடப்பதைப் பார்த்து, காத்திருப்பு மனிதரை நிதானமாக்குகிறது என்று முடிவு கட்டிவிடுவோம். அளவுகள் சரி, ஒப்பீடுதான் தவறு. இதே ஓட்டை இன்னொரு வடிவிலும் வரும். எச்சரிக்கையான ஒருவர் பதினைந்து இடைவெளிகளை மறுக்கிறார், துணிந்தவர் ஒன்றைக்கூட மறுப்பதில்லை. மறுக்கப்பட்ட எல்லா இடைவெளிகளையும் ஒரே குவியலாகப் போட்டுச் சராசரி எடுத்தால், அந்த எச்சரிக்கைக்காரர் பதினைந்து ஓட்டுப் போட்டவர் ஆகிவிடுவார்.

தப்புவதற்கு வழி, ஆளை ஆளோடு ஒப்பிடாமல் ஒரே ஆளை அவரோடு ஒப்பிடுவது. ஒவ்வொருவருக்கும் இரண்டே எண்கள் போதும்: அவர் மறுத்தவற்றில் மிகப் பெரிய இடைவெளி, அவர் ஏற்ற இடைவெளி. விளக்கத்துக்காக ஒரு பெண்மணியைக் கற்பனை செய்வோம். கையில் காய்கறிப் பையோடு ஓரத்தில் நிற்கிறார். அவர் முன் வந்த இடைவெளிகள் வரிசையாக 3.1, 6.2, 2.4, 4.0, 1.8 விநாடி. எல்லாவற்றையும் விடுகிறார். அடுத்து வந்த 5.1 விநாடியில் இறங்கிக் கடந்துவிடுகிறார். முதலில் 6.2 விநாடி போதாது என்று நினைத்தவர், கொஞ்ச நேரம் கழித்து 5.1 போதும் என்கிறார். ஆள் அதே ஆள், சாலை அதே சாலை, பையின் கனமும் அதேதான். மாறியது காத்திருந்த நேரம். இப்படித் தாம் மறுத்ததைவிடச் சிறிய இடைவெளியை ஏற்றவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்று எண்ணினால், பொறுமை தேய்வதை நேரடியாகப் பார்த்தவர்கள் ஆவோம். இதிலும் ஓர் எச்சரிக்கை தேவை. அவர் மறுத்த 6.2 விநாடியின் முடிவில் வந்தது பேருந்தாகவும், ஏற்ற 5.1 விநாடியின் முடிவில் வந்தது சைக்கிளாகவும் இருந்தால், பொறுமை குறைந்ததாகச் சொல்ல முடியாது. வண்டியின் வகையையும் குறித்து, ஒரே வகை வண்டிகளுக்குள் மட்டும் ஒப்பிட வேண்டும்.

இந்த முழு வாதத்துக்கும் எதிராக வைக்கக்கூடிய வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. நம் ஊரில் யாரும் முழுச் சாலைக்கும் சேர்த்து இடைவெளி பார்ப்பதில்லை. ஒரு கையை லேசாக உயர்த்தி, வரும் பைக்கை நேராகப் பார்த்துக்கொண்டே இரண்டடி வைத்து, அது பின்னால் போக விட்டு, நடுக்கோட்டில் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி நின்று, எதிர்த்திசையில் ஒரு கார் போனபின் மீதியைக் கடக்கிறார்கள். அப்படியிருக்க 8.8 விநாடிக் கணக்கு எப்படிப் பொருந்தும்? பொருந்தாது என்பது சரிதான். ஆனால் ஏன் மக்கள் அப்படிக் கடக்கிறார்கள் என்பதையும் அதே கணக்கே சொல்லிவிடுகிறது. பாதிச் சாலைக்கு மூன்றரை மீட்டர்தான். தேவை 5.9 விநாடி. திசைக்கு 900 வண்டிகள் என்றால் ஒரு பாதிக்குச் சராசரிக் காத்திருப்பு ஏழரை விநாடி, இரண்டுக்கும் சேர்த்து 15 விநாடி. முழுக் கையிருப்பும் பத்திரமாக இருக்கும்போதே 152 விநாடி 15 ஆகிவிடுகிறது. பொறியாளர் கட்டித்தராத நடுத்திட்டை மக்கள் தங்கள் உடம்பாலேயே உண்டாக்கிக்கொள்கிறார்கள். அவர்கள் உத்தியில் பிழையில்லை. அவர்கள் நிற்கும் இடத்தில் சிமென்ட் இல்லாமல் வெறும் பெயின்ட் கோடு மட்டும் இருப்பதும், முந்திச் செல்லும் வண்டிகள் அந்தக் கோட்டின் மேலேயே ஓடுவதும்தான் ஆபத்து. படத்தில் நடுக்கோட்டில் நின்றவர்களின் எண்ணிக்கையையும், அவர்கள் நின்றபோது கோட்டைத் தாண்டி முந்திய வண்டிகளின் எண்ணிக்கையையும் தனியே எடுத்தால், நடுத்திட்டு எங்கே வேண்டும் என்பதற்கு அதுவே சான்று.

அடுத்த ஆட்சேபம் கணிதத்தைப் பற்றியது. வண்டிகள் தொடர்பின்றி வருகின்றன என்று ஆடம்ஸ் வைத்துக்கொண்டது நகரத்தில் எப்போதும் உண்மையல்ல. அரை கிலோமீட்டருக்குள் சிக்னல் இருந்தால் வண்டிகள் கூட்டமாக வந்து, பின்னர் சற்று நேரம் சாலை வெறிச்சோடும். அப்போது உண்மையான காத்திருப்பு சூத்திரம் சொல்வதைவிடக் குறையும். அதனால்தான் சூத்திரத்தின் விடையை முடிவாகக் கொள்ளாமல், அளந்த காத்திருப்போடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் ஊகம் நின்றுவிட்டது. நடுக்கோட்டில் நிற்காமல் கடந்தவர்களுக்கும் அளந்தது குறைவாக இருந்தால் காரணம் இரண்டில் ஒன்று: சிக்னல் உதவுகிறது, இல்லையென்றால் மக்கள் கையிருப்பை விட்டுக்கொடுத்துக் கடக்கிறார்கள். ஏற்கப்பட்ட இடைவெளிகளின் அளவைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

இப்படியே போனால் எல்லாக் குற்றத்தையும் சாலையின் தலையில் கட்டிவிட்டு ஆளை விட்டுவிடுவோமே என்று கேட்பவர்களும் உண்டு. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே இறங்குபவர் இருக்கிறார், மேம்பாலம் இருந்தும் கீழே ஓடுபவர் இருக்கிறார். முதல் வகையினரை மறுக்க வேண்டியதில்லை. இறங்கும் முன் இருபுறமும் தலை திருப்பாதவர்களைப் படத்திலிருந்தே எண்ணி எடுக்கலாம். அவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்த பிறகு குறை சொல்வதில் நியாயம் இருக்கும். மேம்பால விஷயம் வேறு. நகரச் சாலைக்கு மேலே ஐந்தரை மீட்டர் உயரம் விட வேண்டியிருப்பதால் நடைமேம்பாலத்தில் ஏற ஏறத்தாழ நாற்பது படி, இறங்க நாற்பது படி. முழங்கால் வலிக்காரருக்கு அது தண்டனை. மற்றவர்களுக்கும் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். கீழே கையிருப்பில்லாமல் கடந்தால் காத்திருப்பு 32 விநாடிதான் என்றிருக்கும்போது பாலம் காலியாகக் கிடப்பதில் வியப்பில்லை. ஒரு மாணவர் பாலத்தில் ஏறி இறங்கும் நேரத்தையும் மற்றவர் கீழே கடப்பவர்களின் நேரத்தையும் அளந்தால், பழியும் அறிவுரையும் இல்லாமலே காரணம் வெளிப்படும்.

ஆளின் கணிப்புப் பிழை உண்மையிலேயே நுழையும் இடம் ஒன்றுண்டு. அது வண்டியின் வேகம். கடப்பவர்கள் பெரும்பாலும் நேரத்தைவிட வண்டி இருக்கும் தூரத்தை வைத்தே முடிவெடுக்கிறார்கள். அறுபது மீட்டரில் வரும் வண்டி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் 5.4 விநாடி கிடைக்கும், 60 கிலோமீட்டர் என்றால் 3.6 விநாடிதான். லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் வான் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், தொடக்கப்பள்ளிக் குழந்தைகளால் மணிக்கு சுமார் 32 கிலோமீட்டருக்கு மேல் நெருங்கும் வண்டி பெரிதாகி வருவதை நம்பகமாக உணர முடியவில்லை என்று கண்டார்கள். இது கவனம் சம்பந்தப்பட்டதல்ல, கண்ணின் வரம்பு. தெருவில் இதைச் சோதிக்க, முப்பது மீட்டர் இடைவெளியில் உள்ள இரு மின்கம்பங்களுக்கு நடுவே வண்டி எடுக்கும் நேரத்தைப் படத்திலிருந்து எடுத்தால் வேகம் கிடைக்கும். மெதுவான வண்டிகளுக்கு முன்னும் வேகமான வண்டிகளுக்கு முன்னும் ஏற்கப்பட்ட இடைவெளிகளைத் தனித்தனியே விநாடியில் எழுதினால், வேக வண்டிகளுக்கு முன்னால் அது சுருங்கியிருக்கிறதா என்று தெரியும். சுருங்கியிருந்தால், அந்த இடத்தில் எச்சரிக்கைப் பலகையைவிட வேகத்தடைக்கே வேலை அதிகம்.

இந்த ஆய்வால் சொல்ல முடியாததையும் சொல்லிவிட வேண்டும். ஒரு தெருவில், ஒரு நாளின் சில மணி நேரத்தில் அளந்தது அந்தத் தெருவுக்கும் அந்த நேரத்துக்கும்தான் செல்லும். மழைநாளிலோ இரவிலோ நிலைமை வேறு. எத்தனை விபத்து குறையும் என்றும் அதனால் கணிக்க முடியாது. கூட்டத்தைப் பார்த்து அந்தப் பக்கமே வராமல் வீட்டிலிருந்துவிட்ட முதியவர் நம் படத்தில் வரவே மாட்டார். அவருடைய காத்திருப்பு எந்தப் பட்டியலிலும் இல்லை. பத்து முதல் பதினேழு வயதுக்காரர்கள் தங்கள் ஊர்ப் பிரச்சினையைத் தாங்களே ஆராய்ந்து அறிக்கை வைக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் நடந்து வருகிறது. அத்தகைய அறிக்கையில் ‘பாதசாரிகள் விழிப்புணர்வு பெற வேண்டும்’ என்று முடிப்பது எளிது. அதை அளக்காமலே எழுதிவிடலாம். அளந்தவர்கள் எழுத வேண்டியது வேறு: இந்த இடத்தில் காலை எட்டரைக்கும் ஒன்பதரைக்கும் நடுவே சராசரிக் காத்திருப்பு இவ்வளவு, தாம் மறுத்ததைவிடச் சிறிய இடைவெளியில் கடந்தவர்கள் இத்தனை பேர், நடுக்கோட்டில் நின்றவர்கள் இத்தனை பேர், நடுத்திட்டு அமைந்தால் காத்திருப்பு இவ்வளவாகக் குறையும் என்று கணக்கு சொல்கிறது. திட்டு அமைந்த பின் அதே மாடியிலிருந்து அதே விதிகளோடு மறுபடி அளந்தால், அந்தக் கணிப்பு சரியா தவறா என்பதும் தெரிந்துவிடும். ‘கவனக்குறைவு’ என்ற விளக்கத்தை இப்படிச் சோதித்துப் பார்க்க வழியே இல்லை.